ரிப்போர்ட்டில் நார்மல், வகிட்டில் மெலிவு: நீர்க்கட்டிப் பிரச்சினையில் முடி குறைவது ஏன்?

வேலூர் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெண்ணுக்கு முடி கொட்டினால் முதல் பழி தண்ணீர் மேல்தான் விழும். பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடக்கிறது, வீட்டில் வருவது போர் தண்ணீர், வாளியின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது. அந்தத் தண்ணீரில் தலை குளித்தால் முடி முரடாகிறது என்பது உண்மைதான். ஆனால் வகிடு அகலமாகிக்கொண்டே போவதற்கும், பின்னல் வருடா வருடம் மெலிவதற்கும் தண்ணீர் காரணமாக இருக்க முடியாது. மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது என்றால், பார்க்க வேண்டிய இடம் சினைப்பையும் இன்சுலினும்.

குழப்பம் அடுத்த கட்டத்தில் வருகிறது. ரத்தப் பரிசோதனையில் 'டெஸ்டோஸ்டிரோன்: நார்மல்' என்று வந்துவிடும். அப்படியானால் ஹார்மோன் பிரச்சினை இல்லை, இது தண்ணீர்தான் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அந்த 'நார்மல்' எப்படி ஏமாற்றுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முடி குறைவது மூன்று விதம்

தலையில் முடி குறைகிறது என்று சொல்லும்போது நாம் மூன்று வேறு விஷயங்களை ஒரே வார்த்தையில் சொல்கிறோம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு என்பதால் முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. உடைவது. சீப்பில் வருவதெல்லாம் துண்டு துண்டாக, வெவ்வேறு நீளத்தில் இருக்கும். நுனியில் வேர் இருக்காது. உப்புத் தண்ணீர், அடிக்கடி ஸ்ட்ரெயிட்னிங், ஈரத்தோடு வாருவது எல்லாம் செய்வது இதைத்தான். முடியின் தண்டு கெடுகிறது, தோலுக்கு அடியில் இருக்கும் மயிர்க்கால் கெடுவதில்லை.

2. கொட்டுவது. முழு நீள முடி, ஒரு நுனியில் குட்டி வெள்ளைப் புள்ளி போன்ற வேர், தலை முழுக்க ஒரே சீராகக் கொத்துக் கொத்தாக வரும். டெங்கு மாதிரியான கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீர்ப் பட்டினி டயட் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்கும். காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும்.

3. மெலிவது. இங்கே சீப்பில் வரும் முடி அதிகமாகவே இல்லாமலும் போகலாம். விழும் முடிக்குப் பதிலாக வரும் புது முடி முன்பைவிட மெல்லியதாக, குட்டையாக வருகிறது. முன் நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதற்குப் பின்னால் நடு வகிடு மட்டும் அகலமாகும். 1977-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த வகைக்கு மூன்று படிகள் வகுத்தார், இன்றும் மருத்துவர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள்.

வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, பின்னல் நுனியில் போடும் ரப்பர் பேண்ட். கல்லூரி நாளில் இரண்டு சுற்றில் இறுகிய அதே அளவு ரப்பர் பேண்ட், இப்போது நான்கு சுற்று சுற்றினாலும் நழுவுகிறது என்றால் அது மெலிவாக இருக்கலாம். இன்னொன்று, டியூப் லைட்டுக்குக் கீழே உச்சி வகிட்டையும் பின்தலையில் ஒரு வகிட்டையும் எடுத்து இரண்டையும் போட்டோ பிடித்துப் பாருங்கள். உச்சியில் தெரியும் தோலின் அகலம் பின்னால் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தால் மூன்றாவது வகைதான். நீர்க்கட்டிப் பிரச்சினையான பி.சி.ஓ.எஸ். கொண்டுவருவது இதைத்தான்.

'நீர்க்கட்டி' கட்டியே இல்லை

பி.சி.ஓ.எஸ்.-ஐ நம் ஊரில் நீர்க்கட்டி என்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டதும் 'ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?' என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. ஸ்கேனில் முத்து முத்தாகத் தெரிபவை நோய்க் கட்டிகள் அல்ல. சினைமுட்டை வளரும் சிறு பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுபோய், வெடிக்காமல் வரிசையாகத் தங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

நோய் என்று முடிவு செய்ய மூன்றில் இரண்டு அடையாளங்கள் வேண்டும் என்று 2003-இல் ராட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்தார்கள்: மாதவிலக்கு ஒழுங்கின்மை, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களின் மிகுதி, ஸ்கேனில் அந்த முத்துகள். ஆண்ட்ரோஜன் மிகுதியை ரத்தத்தில்தான் காட்ட வேண்டும் என்பதில்லை, உடம்பில் தெரிந்தாலும் போதும். ஆக, ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். ஸ்கேனில் முத்துகள் மட்டும் இருந்து வேறு எதுவும் இல்லாவிட்டால் நோயே இல்லை.

இன்சுலினிலிருந்து வகிடு வரை

ஆண்ட்ரோஜன் என்பது ஆண் ஹார்மோன் என்று சொல்லப்பட்டாலும் எல்லாப் பெண்களின் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. அது எப்படிக் கூடுகிறது, கூடியது எப்படித் தலைக்குப் போகிறது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

1. பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு உடம்பு இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அதைச் சமாளிக்கக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. தெற்காசியர்களுக்கு இது ஒல்லியான உடம்பிலும் வரும். இதற்கு வெளியே தெரியும் ஒரு அடையாளம், பின்கழுத்தில் வெல்வெட் துணி மாதிரி தடித்த கருமை. கவரிங் செயின் போட்டதால் வந்த கறுப்பு என்று நினைத்து எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பார்கள். தேய்த்தால் அது போகாது, இன்சுலின் இறங்கினால்தான் மங்கும்.

2. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பைக்குப் போய், மூளையடிச் சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோனோடு சேர்ந்து, டெஸ்டோஸ்டிரோன் தயாரிப்பை முடுக்கிவிடுகிறது.

3. அதே இன்சுலின் ஈரலில் இன்னொரு வேலை செய்கிறது. எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தை ஈரல் தயாரிப்பதைக் குறைக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டி வைத்திருப்பது இந்தப் புரதம்தான். கட்டி வைக்கும் கயிறு குறைந்தால், மொத்த அளவு மாறாவிட்டாலும் அவிழ்ந்து திரியும் டெஸ்டோஸ்டிரோன் கூடும். திசுக்களுக்குள் நுழைந்து வேலை செய்வது அந்த அவிழ்ந்த பங்குதான்.

4. அது உச்சந்தலை மயிர்க்காலுக்குள் நுழைந்ததும், 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. மயிர்க்கால் சுருங்கத் தொடங்குகிறது. சாதாரணமாக ஒரு தலைமுடி இரண்டிலிருந்து ஆறு வருடம் வளர்ந்துவிட்டு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுத்து உதிரும். டி.எச்.டி. அந்த வளரும் காலத்தைச் சுற்றுக்குச் சுற்று குறைக்கிறது. கடைசியில் பூனைமுடி போன்ற ஒன்றுதான் மிஞ்சுகிறது.

அதே ஹார்மோன் தாடையில் பூனைமுடியைத் தடித்த கறுப்பு முடியாக்குகிறது. உச்சந்தலையில் குறைத்துவிட்டுத் தாடையில் வளர்ப்பது பார்ப்பதற்கு முரணாக இருந்தாலும், ஒவ்வொரு இடத்து மயிர்க்காலும் அதே கட்டளையை வேறு விதமாகப் புரிந்துகொள்ளும்படிதான் பிறவியிலேயே அமைந்திருக்கிறது. அதனால்தான் பி.சி.ஓ.எஸ். உள்ள எல்லாருக்கும் தலைமுடி மெலிவதில்லை. அப்பா வழியிலோ அம்மா வழியிலோ அந்த மயிர்க்கால் வாகு வந்திருக்க வேண்டும்.

ஒரு ரிப்போர்ட்டைப் படித்துப் பார்ப்போம்

ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் 24 வயதுப் பெண் ஒருத்தியை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதவிலக்கு 50, 60 நாளுக்கு ஒருமுறை. தாடையில் ஆறேழு தடித்த முடிகள். ஒரு வருடமாக வகிடு அகலமாகிறது. மொத்த டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 52 நானோகிராம். லேப் அச்சிட்ட வரம்பு 15 முதல் 70. 'நார்மல்.'

இப்போது எஸ்.எச்.பி.ஜி. பார்க்கிறார்கள், லிட்டருக்கு 18 நானோமோல். இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர 52-ஐ 0.0347-ஆல் பெருக்க வேண்டும், 1.8 நானோமோல் வரும். கணக்கு இவ்வளவுதான்:

டெஸ்டோஸ்டிரோன் ÷ எஸ்.எச்.பி.ஜி. × 100

1.8 ÷ 18 × 100 = 10. அவளுடைய அக்காவுக்கும் டெஸ்டோஸ்டிரோன் அதே 52, ஆனால் எஸ்.எச்.பி.ஜி. 60 என்று வைத்துக்கொள்வோம். 1.8 ÷ 60 × 100 = 3. இந்த எண்ணை ஆண்ட்ரோஜன் குறியீடு என்கிறார்கள். ஏறத்தாழ 5-க்கு மேல் போனால் கூடுதல் என்று கொள்வது வழக்கம், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். அக்கா தங்கை இருவருக்கும் ரிப்போர்ட்டின் முதல் வரி ஒன்றுதான். தங்கையின் மயிர்க்காலைத் தொடும் ஹார்மோன் மட்டும் மூன்று மடங்குக்கு மேல். முதல் வரியோடு நிறுத்திக்கொண்டதால் எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் ஷாம்பு மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தக் குறியீடு சரியாகவே இருந்து வகிடு அகலமாகும் பெண்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு மயிர்க்காலின் வாகுதான் முக்கியக் காரணம். எண் நார்மலாக வந்துவிட்டதால் வைத்தியம் தேவையில்லை என்று ஆகிவிடாது.

ரத்தம் கொடுக்கும் முன்

இரண்டு விஷயங்கள் ரிப்போர்ட்டையே கெடுத்துவிடும். முதலாவது, 'முடி வளர' என்று மெடிக்கலில் வாங்கிப் போடும் பயோட்டின் மாத்திரை. பல லேப் முறைகளே பயோட்டினை ஒட்டுப்பொருளாக வைத்து இயங்குவதால், 5 அல்லது 10 மி.கி. மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பொய்யாகக் கூடுதலாகவும், தைராய்டுக்கான டி.எஸ்.எச். பொய்யாகக் குறைவாகவும் வரலாம். குறைந்தது மூன்று நாள் நிறுத்திவிட்டுப் போங்கள், லேபிலும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, ஹார்மோன் மாத்திரை. மாதவிலக்கு ஒழுங்குக்காக அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எஸ்.எச்.பி.ஜி. ஏறியிருக்கும், உண்மை நிலை தெரியாது. நிறுத்தி மூன்று மாதம் ஆக வேண்டும். நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கூடவே தைராய்டு, புரோலாக்டின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை ஆகியவற்றையும் பார்ப்பார்கள். இரும்புக் குறைவு இருந்தால் மெலிவின் மேல் கொட்டுவதும் சேர்ந்துகொள்ளும், எந்த மருந்தும் எடுபடாது போலத் தோன்றும்.

சில மாதங்களுக்குள் வேகமாக முடி மெலிந்து, குரலும் தடித்து, டெஸ்டோஸ்டிரோன் 150, 200 என்று போனால் அது பி.சி.ஓ.எஸ்.-ஆக இல்லாமல் இருக்கலாம். சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும்.

வைத்தியம்: எந்த மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது

மேலே சொன்ன வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் மருந்துகள் குழப்பாது. ஒவ்வொன்றும் ஒரு படியில் கை வைக்கிறது.

1. மினாக்சிடில். இது ஹார்மோனைத் தொடுவதில்லை, மயிர்க்காலின் வளரும் காலத்தை நீட்டுகிறது. 2% என்றால் 1 மி.லி. வீதம் தினம் இருவேளை, 5% என்றால் பெண்களுக்கு வழக்கமாக ஒருவேளை. முடியில் தடவுவது வீண், வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் படவேண்டும். எண்ணெய் வைத்த தலையில் போட்டால் சரியாக இறங்காது. வேலூர் வெயிலில் வியர்வையோடு நெற்றியில் வழிந்தால் அங்கேயும் முடி முளைக்கும், அதனால் இரவில், படுப்பதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் போட்டுக் காயவிடுவது நல்லது. போட ஆரம்பித்த இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் பலருக்கு முடி இன்னும் கூடுதலாகக் கொட்டும். ஓய்விலிருந்த பழைய முடியைப் புது முடி தள்ளிக்கொண்டு வருவதுதான் அது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். இதையே மிகக் குறைந்த அளவு மாத்திரையாகவும் தோல் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள், ஆனால் முகத்தில் ஏற்கனவே முடி இருப்பவர்களுக்கு அது இன்னும் கூடும்.

2. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கர்ப்பத்தடை மாத்திரை. எல்.எச்.-ஐ அடக்கி சினைப்பையில் டெஸ்டோஸ்டிரோன் தயாராவதைக் குறைக்கிறது, எஸ்.எச்.பி.ஜி.-ஐ ஏற்றி மீதியைக் கட்டிப்போடுகிறது. 'கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இந்த மாத்திரையா? நாளைக்குக் குழந்தை பிறக்காமப் போயிட்டா?' என்று அம்மாக்கள் பதறுவது இயல்பு. மாத்திரை நின்றதும் சினைப்பை தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், கருத்தரிக்கும் திறனை இது கெடுப்பதில்லை. உண்மையில் கேட்டுப் பார்க்க வேண்டிய ஆபத்து ரத்தம் உறைவது. குடும்பத்தில் கால் ரத்தக்குழாய் அடைப்பு, உயர் ரத்த அழுத்தம், கண்முன் மின்னல் அடித்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

3. ஸ்பைரனோலாக்டோன். மயிர்க்காலின் வாசலிலேயே ஆண்ட்ரோஜனை மறிக்கிறது. பெரும்பாலும் 50 மி.கி.-யில் தொடங்கி 100 வரை போவார்கள். தலைசுற்றல் வரலாம், சிறுநீர் கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின்போது உள்ளே போனால் ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால், கரு தரிக்க வாய்ப்புள்ளவர்களுக்குத் தடை மாத்திரையோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

4. மெட்ஃபார்மின், எடை குறைப்பு. இவை முதல் படியில் இன்சுலினைத் தொடுகின்றன. சர்க்கரைக்கும் மாதவிலக்குக்கும் உதவும், ஆனால் இதை மட்டும் நம்பித் தலைமுடிக்குக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். எடை கூடியவர்கள் 5 முதல் 10% குறைத்தாலே எஸ்.எச்.பி.ஜி. ஏறத் தொடங்கும். ஒரு மாதத்தில் குறைத்துவிடலாம் என்று ஒருவேளைக் கஞ்சியோடு பட்டினி கிடந்தால், மூன்றாம் மாதம் அந்த இரண்டாவது வகைக் கொட்டுதல் வந்து நிற்கும். புரதத்தைக் குறைக்காமல் மெதுவாக இறக்குங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு வைத்தியமும் உண்டு: காட்பாடியில் ரயில் ஏறித் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்பார்கள். நேர்த்திக்கடனாகப் போடுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் கத்தி படுவது தோலுக்கு மேலே, சுருங்கிய மயிர்க்கால் இருப்பது தோலுக்குக் கீழே. வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் முதல் சில வாரம் தொட்டால் தடிப்பாகத் தெரியும். நீண்டு வளர்ந்தபின் அதே மெல்லிய முடிதான்.

கல்யாணத் தேதியும் மருந்துச் சீட்டும்

நம் வீடுகளில் 24 வயதுப் பெண்ணுக்கு வைத்தியமும் மாப்பிள்ளை பார்ப்பதும் ஒன்றாகவே நடக்கும். ஆனால் அதை மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை. கட்டாயம் சொல்ல வேண்டும். குழந்தைக்கு முயற்சி செய்யும் திட்டம் இருந்தால் ஸ்பைரனோலாக்டோனைக் குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே நிறுத்துவார்கள், மினாக்சிடிலையும் நிறுத்த வேண்டும். மருந்தை நிறுத்தினால் கொஞ்சம் முடி திரும்பவும் மெலியும் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுப்பது நல்லது.

அந்த ராணிப்பேட்டைப் பெண்ணின் விஷயத்துக்கு வருவோம். ஃபெரிட்டின் 9 என்று வருகிறது, இரும்பு மாத்திரை தொடங்குகிறார்கள். ரத்த அழுத்தம் சரி, தலைவலி இல்லை, குடும்பத்தில் ரத்த உறைவு இல்லை. தடை மாத்திரையும் 5% மினாக்சிடிலும் முதல் ஆறு மாதம். ஐந்தாவது வாரம் கொட்டல் கூடுகிறது, முன்பே சொல்லிவைத்திருந்ததால் நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறை அதே டியூப் லைட்டுக்குக் கீழே, அதே வகிட்டை, எண்ணெய் இல்லாத தலையில் போட்டோ எடுத்து வைக்கிறாள். ஆறாம் மாதம் வகிட்டின் இரு ஓரமும் விரல்கணு நீளத்துக்குக் குட்டி முடிகள் தெரிகின்றன. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. என்ற கணக்கில் அந்த முடி பின்னலின் நுனிக்கு வந்துசேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் ரப்பர் பேண்ட் இன்னும் நான்கு சுற்றுத்தான். வகிட்டில் மாற்றம் இன்னும் போதவில்லை என்று ஆறாம் மாதம் ஸ்பைரனோலாக்டோன் 50 மி.கி. சேர்க்கிறார்கள், அதற்கு இன்னொரு ஆறு மாதம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த முடிவு. பன்னிரண்டாம் மாதப் போட்டோவை முதல் போட்டோவோடு வைத்துப் பார்க்கும்போது தோல் தெரியும் கோடு குறுகியிருக்கிறது. கல்லூரி நாள் அகலத்துக்கு வரவில்லை, சில மயிர்க்கால்கள் திரும்பி வராமலும் போகலாம். கல்யாணப் பேச்சு தொடங்கியிருப்பதால், எந்த மருந்தை எந்த மாதம் நிறுத்துவது என்று அந்த வருகையிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறாள்.